ஓர் ஆளுக்கு ஒரே பெட்டி

கணினிப் பார்வை வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில், கேள்வி கேட்கும் நாற்காலியில் சில வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். வருகிறவர் முன் நான் வைக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். இருவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்க, மூன்றாமவர் சற்றுத் தள்ளி நிற்கிறார். ஆட்களைக் கண்டறியும் மாடலிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் மூன்று பெட்டிகள் வர வேண்டும். உள்ளிருந்து முதலில் வருவதோ ஆறு. "ஏன் ஆறு? அதை எப்படிக் குறைப்பீர்கள்?" என்று கேட்பேன்.

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும்: "என்எம்எஸ் போடுவோம் சார்." நான்-மேக்ஸிமம் சப்ரஷன், அதாவது உச்ச மதிப்பெண் பெறாதவற்றை அமுக்கிவிடுவது. முதல் கேள்வியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பெட்டிகள் ஏன் பெருகுகின்றன என்று தெரியாதவருக்கு, அவற்றைக் குறைக்கும்போது எது தவறிப்போகும் என்பதும் தெரியாது. அதனால் பெருகும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

படத்தில் இருப்பது பூனையா நாயா என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ஒரே ஒரு விடை போதும். எங்கே, எத்தனை என்று சொல்ல வேண்டியபோதுதான் சிக்கல் வருகிறது. ஒரு நியூரல் நெட்வொர்க் எத்தனை எண்களை வெளியே தரும் என்பது அதைக் கட்டும்போதே முடிவாகிவிடும். படத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இந்த முரண்பாட்டுக்கு ஷாவோசிங் ரென், கைமிங் ஹே, ராஸ் கிர்ஷிக், ஜியான் சன் ஆகிய நால்வரும் 2015-ல் ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் என்ற மாடலில் கொடுத்த தீர்வுதான் ஆங்கர் பெட்டி. ஆங்கர் என்றால் நங்கூரம். படம் முழுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில், குறிப்பிட்ட அளவுகளில், வெற்றுப் பெட்டிகளை முதலிலேயே போட்டு வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியிடமும் இரண்டே கேள்விகள்: உனக்குள் ஏதாவது பொருள் இருக்கிறதா? இருந்தால், அதன் மேல் சரியாக உட்கார நீ எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும்?

அந்த மாடலில் 16 பிக்சலுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்பது பெட்டிகள். 128, 256, 512 பிக்சல் பக்கமுள்ள மூன்று சதுரங்களை எடுத்துக்கொண்டு, பரப்பை மாற்றாமல் அவற்றையே நெட்டையாகவும் குட்டையாகவும் இழுத்தால் மூன்று மூன்றாக ஒன்பது கிடைக்கும். உதாரணமாக, 128 சதுரத்தை அகலம் ஒரு பங்கு, உயரம் இரு பங்கு என்று இழுத்தால் ஏறக்குறைய 91-க்கு 181. நிற்கும் மனிதருக்கு ஏற்ற வடிவம். அதையே படுக்கப்போட்டால் காருக்கு ஏற்றது. 1000-க்கு 600 பிக்சல் உள்ள படத்தில் ஏறக்குறைய 60-க்கு 40 புள்ளிகள் வரும். ஒன்பதால் பெருக்கினால் சுமார் 20,000 பெட்டிகள். மூன்று பேரைத் தேட இருபதாயிரம் பெட்டிகளா என்று தோன்றும். ஆமாம், அவ்வளவும்தான்.

இவற்றில் எந்தப் பெட்டிக்கு எந்த ஆள் பொறுப்பு என்று பயிற்சியின்போது எப்படி முடிவு செய்வது? அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இரண்டு பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். இதைத்தான் ஐஓயு என்கிறார்கள். முழுதாகப் பொருந்தினால் 1, தொடவே இல்லை என்றால் 0. ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என்னில் உண்மையான பெட்டியோடு ஐஓயு 0.7-ஐத் தாண்டும் ஆங்கர் பாசிட்டிவ். எந்த உண்மையான பெட்டியோடும் 0.3-ஐ எட்டாதது நெகட்டிவ். நடுவில் இருப்பவை பயிற்சியில் கணக்கில் வராது.

இங்கே நான் ஒரு சின்ன வலை விரிப்பதுண்டு. படத்தில் ஓர் ஆள் 100 பிக்சல் அகலம், 260 பிக்சல் உயரம். அவருடைய நடுப்புள்ளி ஓர் ஆங்கர் புள்ளியின் மேலேயே சரியாக விழுகிறது. அந்தப் புள்ளியில் உள்ள ஒன்பதில் எத்தனை பாசிட்டிவ்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 91-க்கு 181 உள்ள நெட்டைப் பெட்டி ஆளுக்குள்ளேயே முழுதாக அடங்கிவிடுகிறது. அதன் பரப்பு 16,384, ஆளின் பரப்பு 26,000. வகுத்தால் 0.63. 128 சதுரத்துக்கு 0.43. 256 அளவில் நெட்டைக்கு 0.40, சதுரத்துக்கு 0.39. மற்ற ஐந்தும் 0.3-க்குக் கீழே. ஒன்றுகூட 0.7-ஐத் தொடவில்லை.

அப்படியானால் இந்த ஆளைக் கற்றுக்கொடுக்க ஆங்கரே கிடையாதா? இதற்காகவே இன்னொரு விதியும் இருக்கிறது. ஒவ்வொரு உண்மையான பெட்டிக்கும், யாரோடு ஐஓயு மிக அதிகமோ அந்த ஆங்கர் 0.7-ஐத் தொடாவிட்டாலும் பாசிட்டிவ்தான். ஆக 0.63 வாங்கிய நெட்டைப் பெட்டி பொறுப்பேற்கிறது, மூன்று ஒதுங்குகின்றன, ஐந்து நெகட்டிவ். 0.7, 0.3 என்ற எண்களை ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டாம் விதியை, அது ஏன் தேவை என்ற காரணத்தோடு சொல்பவர் குறைவு.

பொறுப்பேற்ற பெட்டி என்ன கற்றுக்கொள்கிறது? நேரடியாக "100, 260" என்ற எண்களை அல்ல. தன்னிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டும். நடுப்புள்ளியின் விலகலைத் தன் அகல உயரத்தால் வகுத்துக்கொள்கிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதத்தின் லாகரிதம்:

```
tw = log(100 / 90.5) ≈ 0.10
th = log(260 / 181)  ≈ 0.36
```

சின்னப் பெட்டியானாலும் பெரிய பெட்டியானாலும் கற்க வேண்டிய எண்கள் ஒரே மாதிரிச் சிறிதாக இருக்கும். திரும்ப அகலமாக மாற்றும்போது எக்ஸ்போனென்ஷியல் போடுவதால் அகலம் ஒருபோதும் எதிர்மறை ஆகாது. லாகரிதம் ஏன் என்று கேட்டால் இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மேலே சொன்ன ஆளுக்கு அந்தப் புள்ளியில் ஒரே ஒரு ஆங்கர்தான் கிடைத்தது. அவருக்குப் பதிலாக 256-க்கு 256 அளவுள்ள ஒரு பொருள், ஆங்கர் சதுரத்தின் மேல் கனகச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆங்கருக்கு ஐஓயு 1. பக்கத்துப் புள்ளி 16 பிக்சல்தான் தள்ளி இருக்கிறது. அதன் 256 சதுரத்துக்கும் ஐஓயு 0.88. இரண்டு புள்ளி தள்ளினால் 0.78, மூன்று தள்ளினால்தான் 0.68 என்று கீழே இறங்குகிறது. மூலைவாட்டில் ஒரு புள்ளி நகர்ந்தால் 0.78. எண்ணிப் பார்த்தால் நடுவில் ஒன்று, நான்கு திசையிலும் இரண்டிரண்டு, மூலைகளில் நான்கு. ஆக மொத்தம் பதின்மூன்று ஆங்கர்கள் 0.7-ஐத் தாண்டுகின்றன.

ஒரே பொருளைக் காட்டி, பதின்மூன்று பேரிடமும் "இது உன்னுடையது" என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தேர்வு நாளில் பதின்மூன்று பேரும் கை தூக்கினால் அது மாடலின் பிழை இல்லை, சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறது. பெட்டிகள் பெருகுவதன் காரணம் இதுதான். அந்தப் பதின்மூன்று கைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இறக்குவது என்எம்எஸ்ஸின் வேலை.

பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்புவோம். கையால் கணக்குப் போட வசதியாக எல்லாப் பெட்டியும் 100 அகலம், 200 உயரம், ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று கொள்வோம். அப்படியானால் இரு பெட்டிகளின் இடைத்தள்ளல் d பிக்சல் என்றால் ஐஓயு `(100 − d) / (100 + d)`. இடது ஓரம் எங்கே தொடங்குகிறது, மதிப்பெண் என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன்:

```
1:  x=100   0.95
2:  x=110   0.90
3:  x=90    0.80
4:  x=130   0.85
5:  x=140   0.65
6:  x=300   0.60
```

முதல் ஆள் உண்மையில் நிற்பது 100-ல். இரண்டாமவர் 130-ல். மூன்றாமவர் 300-ல். ஆக 1, 4, 6 ஆகிய மூன்றும் மிஞ்சினால் நமக்குச் சந்தோஷம்.

செய்முறை எளிது. மதிப்பெண் வரிசையில் அடுக்கி, உச்சியில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு ஐஓயு ஒரு வரம்பைத் தாண்டும் பெட்டிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டும். மிஞ்சியவற்றில் மறுபடி உச்சியை எடுக்க வேண்டும். எதுவும் மிஞ்சாதவரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

வரம்பு 0.5 என்று வைத்து நடத்திப் பார்ப்போம். முதல் பெட்டி உள்ளே வருகிறது. இரண்டும் மூன்றும் அதிலிருந்து 10 பிக்சல் தள்ளி, ஐஓயு 0.82, வெளியே. நான்காவது 30 பிக்சல் தள்ளி, 70-ஐ 130-ஆல் வகுத்தால் 0.54. அதுவும் வெளியே! இரண்டாவது ஆளின் சரியான பெட்டி, 0.85 மதிப்பெண்ணோடு, குப்பைக்குப் போய்விட்டது. ஐந்தாவது 40 பிக்சல் தள்ளி இருப்பதால் 0.43, தப்பித்துக்கொண்டது. ஆறாவது தொடவே இல்லை. முடிவில் கையில் இருப்பவை 1, 5, 6.

இந்த இடத்தில் நேர்காணலுக்கு வந்தவரின் முகத்தைப் பார்ப்பேன். சிலர் ஐந்தையும் அடித்துவிடுவார்கள், நான்காவது பெட்டி அதை அமுக்கியிருக்கும் என்று எண்ணி. நான்குக்கும் ஐந்துக்கும் 0.82 என்பது உண்மைதான். ஆனால் வெளியே போனவருக்கு அடுத்தவரை வெளியேற்றும் உரிமை கிடையாது. எடுத்து வைக்கப்பட்ட பெட்டிதான் மற்றதை அமுக்க முடியும். நிரலில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்:

```python
def nms(boxes, scores, t):
    order = scores.argsort()[::-1]
    keep = []
    while order.size > 0:
        i = order[0]
        keep.append(i)
        rest = order[1:]
        order = rest[iou(boxes[i], boxes[rest]) <= t]
    return keep
```

எறியப்பட்டவை `order`-இலிருந்தே காணாமல் போய்விடுவதால், அவை அடுத்த சுற்றில் தலைமைக்கு வரவே முடியாது. எண்ணிக்கை மூன்று என்று சரியாக வந்திருக்கிறது, அதனால் எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது ஆளின் மேல் இருக்கும் பெட்டி 10 பிக்சல் விலகியது, மதிப்பெண்ணும் 0.65தான். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற சோதனையில் இந்தப் பிழை அகப்படாது. பெட்டி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று பார்க்கிற சோதனையில்தான் மதிப்பெண் சரிவாக வெளிப்படும்.

"அப்படியானால் வரம்பை 0.6 ஆக்கலாமே?" ஆக்கலாம். இந்தப் படத்தில் 1, 4, 6 அழகாக மிஞ்சும். 0.9 என்று வைத்தாலோ ஆறு பெட்டிகளும் அப்படியே நிற்கும். மதிப்பீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பெட்டிதான் சரியெனக் கணக்காகும், கூடுதலாக வருவதெல்லாம் தவறான கண்டுபிடிப்பாக எழுதப்படும். இரண்டு ஆட்களும் இன்னும் நெருங்கி 20 பிக்சல் தூரத்தில் நின்றால் அவர்களுக்குள்ளேயே ஐஓயு 0.67. அப்போது 0.6-ம் உதவாது. நெரிசலில் இரண்டு நிஜ மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழும் அளவும், ஒரே மனிதரின் இரண்டு போலிப் பெட்டிகள் விழும் அளவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்த ஒற்றை எண்ணாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. சரியான வரம்பு எது என்று கேட்டால் நான் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை அல்ல, இந்தக் காரணத்தை.

இதற்கு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் 2017-ல் சொன்ன மாற்று சாஃப்ட்-என்எம்எஸ். எறியாதே, மதிப்பெண்ணைக் குறை என்பதுதான் யோசனை. அதிகம் மோதும் பெட்டிக்கு அதிகக் குறைப்பு. அவர்களுடைய ஒரு வகையில் மதிப்பெண்ணை `exp(−IoU²/σ)` என்பதால் பெருக்க வேண்டும். σ-வை 0.5 என்று வைத்து நம் படத்தில் போட்டால், இரண்டாவது பெட்டி 0.90-லிருந்து 0.24-க்கும், மூன்றாவது 0.21-க்கும் விழுகின்றன. நான்காவது 0.48-ல் நிற்கிறது. ஐந்தாவது 0.45. அடுத்த சுற்றுகளில் ஆறாவதும் பிறகு நான்காவதும் தேர்வாக, நான்காவது பெட்டி ஐந்தாவதை 0.12-க்குத் தள்ளிவிடுகிறது. கடைசியில் 0.3-க்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிட்டால் 1, 6, 4. நாம் விரும்பிய மூன்று பேர். ஆனால் 0.48, 0.45 இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மயிரிழையில் தப்பித்த வெற்றி இது. ஐந்தாவது பெட்டி 0.70-ல் தொடங்கியிருந்தால் சாஃப்ட்-என்எம்எஸ்ஸும் அதைத்தான் முதலில் எடுத்திருக்கும்.

இன்னொரு சங்கதி. பைக் மேல் உட்கார்ந்திருப்பவரின் பெட்டியும் பைக்கின் பெட்டியும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு அமுக்கினால் ஆளோ பைக்கோ காணாமல் போகும். ஆகவே கடைசிக் கட்டத்தில் வகைக்கு வகை தனியாக அமுக்குகிறார்கள். பைடார்ச் பயன்படுத்துபவர்கள் `torchvision.ops.batched_nms` பார்த்திருப்பார்கள். அதில் ஒரு குறும்பான உத்தி இருக்கிறது. ஒவ்வொரு வகையின் பெட்டிகளையும் படத்தைவிடப் பெரிய ஒரு தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டால், வெவ்வேறு வகைப் பெட்டிகள் ஒன்றையொன்று தொடவே வழியில்லை. பிறகு ஒரே தடவை அமுக்கினால் போதும். ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என்னில் என்எம்எஸ் இரண்டு முறை ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். ஆங்கர்களிலிருந்து வந்த உத்தேசப் பெட்டிகளில், வகை இன்னதென்று தெரியாத நிலையில், 0.7 வரம்போடு ஒரு முறை. வகை தெரிந்தபின் கடைசியில் ஒரு முறை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நிஜமாகவே வரும் புகார் ஒன்றுதான்: "இந்த ஆளைக் கண்டுபிடிக்கவில்லை." அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம், என்எம்எஸ்ஸுக்கு முந்தைய பெட்டிகளை அப்படியே படத்தின்மேல் வரைந்து பார்ப்பது. அந்த ஆளின் மேல் நல்ல மதிப்பெண்ணோடு பெட்டி இருந்து, பிறகு காணாமல் போயிருந்தால் குற்றவாளி என்எம்எஸ். முதலிலேயே பெட்டி இல்லை என்றால் வரம்பை மணிக்கணக்காகத் திருகி ஒரு பயனும் இல்லை. ஆங்கர் பக்கம் போக வேண்டும்.

ஆங்கர் பக்கம் அடிக்கடி அகப்படுவது அளவுப் பொருத்தமின்மை. 20-க்கு 20 பிக்சலில் தெரியும் தூரத்துப் பலகையை 128 சதுரத்தோடு ஒப்பிட்டால் ஐஓயு 0.024. இரண்டாம் விதி அதற்கும் ஓர் ஆங்கரை ஒப்படைக்கும்தான். ஆனால் அந்தப் பெட்டி தன் அளவில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அது நடப்பதில்லை. இதை மாடலைப் பழக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் தரவில் உள்ள ஒவ்வொரு உண்மையான பெட்டிக்கும், இருக்கிற ஆங்கர்களில் மிக அதிக ஐஓயு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி 0.5-ஐக்கூட எட்டவில்லை என்றால் ஆங்கர்களின் அளவு தவறு.

கையால் அளவு வைப்பதற்குப் பதில் தரவிடமே கேட்டுவிடலாம் என்று செய்தது யோலோவின் இரண்டாம் பதிப்பு. பயிற்சிப் படங்களில் உள்ள பெட்டிகளின் அகல உயரங்களை கே-மீன்ஸ் முறையில் குழுக்களாகப் பிரித்து, ஐந்து குழுக்களின் நடுவையே ஆங்கர்களாக வைத்துக்கொண்டார்கள். தூரத்தை அளக்க வழக்கமான அளவுகோலைப் போட்டால் பெரிய பெட்டிகளின் பிழைதான் கணக்கை ஆளும். 300 பிக்சல் பெட்டியில் 10 பிக்சல் தவறு ஒன்றுமில்லை, 20 பிக்சல் பெட்டியில் அது பாதி. அதனால் 1-லிருந்து ஐஓயுவைக் கழித்து அதையே தூரம் என்று வைத்தார்கள்.

கடைசியாக நான் கேட்பது இது: "ஆங்கரை எடுத்துவிட்டால் என்எம்எஸ் தேவையில்லையா?" பலர் யோசிக்காமல் "ஆமாம்" என்பார்கள். 2019-ல் வந்த எஃப்காஸ் என்ற மாடலில் ஆங்கரே கிடையாது. பொருளுக்குள் விழும் ஒவ்வொரு புள்ளியும், நான்கு பக்க விளிம்புகளும் தன்னிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. ஒரே பொருளுக்குள் விழும் பல புள்ளிகளுக்கும் "இது உன்னுடையது" என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஆகவே அங்கும் பல கைகள் எழுகின்றன, என்எம்எஸ் அங்கும் வேண்டியிருக்கிறது. பெருக்கம் ஆங்கரிலிருந்து வரவில்லை, ஒரு பொருளைப் பலருக்கும் பங்கு வைத்ததிலிருந்து வருகிறது.

அந்தப் பங்கீட்டை நிறுத்தியது 2020-ல் வந்த டெட்டர். அதில் நூறு இடங்கள் இருக்கின்றன. பயிற்சியின்போது ஒவ்வொரு உண்மையான பொருளும் அந்த நூறில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போய்ச் சேரும். மற்றவை "எனக்குள் ஒன்றுமில்லை" என்று சொல்லக் கற்க வேண்டும். ஆங்கரும் இல்லை, என்எம்எஸ்ஸும் இல்லை. அதற்குக் கொடுத்த விலை பொறுமை. தரவு முழுவதையும் 500 சுற்று காட்டிப் பழக்கினார்கள். 2024-ல் சிங்குவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யோலோவின் பத்தாம் பதிப்பு இரண்டையும் வைத்துக்கொண்டது. பயிற்சியில் இரண்டு தலைகள், ஒன்று பலருக்கும் பங்கு வைத்துக் கற்கிறது, மற்றது ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் கற்கிறது. பயன்பாட்டுக்கு அனுப்பும்போது முதல் தலையைக் கழற்றிவிடுகிறார்கள்.